வாரத்தில் ஐந்து நாள் வேலை: ஒரு சோதனைக் காலத்தை அறிவிப்பது எப்படி? ராமேஸ்வரம் கரையில் உள்ள ஒரு சிறு கடையை முன்வைத்து முழுமையான வழிகாட்டி

ஆறு நாள் வேலையை ஐந்து நாளுக்குள் அடக்கிப் பார்க்கலாம் என்று முடிவெடுப்பது எளிது. அதை ஊழியர்களுக்கு எப்படி அறிவிப்பது என்பதில்தான் பெரும்பாலான சிறு நிறுவனங்கள் தடுமாறுகின்றன. நேரம் எவ்வளவு மாறுகிறது, சம்பளத்தில் எது மாறும், எது மாறாது, திட்டம் சரிவருகிறதா என்பதை யார் எப்படிச் சொல்வார்கள் என்ற மூன்றுக்கும் விடை இல்லாத அறிவிப்பு, அன்று மாலைக்குள் வேறு கதையாகித் தெருவுக்கு வந்துவிடும். இவற்றைப் பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால், ஒரே ஒரு கடையை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை செய்து பார்ப்போம்.

ராமேஸ்வரம் துறைமுகத்துக்கு அருகில் விசைப்படகு இன்ஜின்களுக்கு உதிரி பாகம் விற்று, பழுதும் பார்த்துக்கொடுக்கும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மெக்கானிக்குகள் நால்வர், கவுண்டரில் இருவர், கணக்குக்கு ஒருவர், உதவியாளர்கள் இருவர் என மொத்தம் ஒன்பது பேர். உதவியாளர்கள் இருவரும் நாள் கூலிக்காரர்கள், மற்ற எழுவரும் மாதச் சம்பளக்காரர்கள். காலை 10 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுகிறார்கள். நடுவில் 1 மணி முதல் 2 மணி வரை சாப்பாட்டு இடைவேளை. ஆக நாளுக்கு 7 மணி நேரம், ஆறு நாளுக்கு 42 மணி நேரம். சனிக்கிழமை கடை முழுதும் விடுமுறை.

முதல் படி: நாளின் உச்சவரம்பைப் பார்த்த பிறகே நேரத்தை வகுத்தல்

42 மணி நேரத்தை ஐந்தால் வகுத்தால் நாளுக்கு 8 மணி 24 நிமிடம் வரும். கணக்குப்படி அதுதான் நேர்மையான சுருக்கம் என்று தோன்றும். ஆனால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொல்வதோடு நிற்பதில்லை. நாளுக்கு 8 மணி நேரம் என்றும் சொல்கிறது. அந்த எட்டைத் தாண்டிய ஒவ்வொரு நிமிடமும் மிகைநேரம். அதற்கு இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும். மிகைநேரத்தைச் சேர்த்தாலும் ஒரு நாளில் 10 மணி நேரத்தையும், வாரத்தில் 54 மணி நேரத்தையும் மீறக் கூடாது. வார மொத்தம் குறைவாகத்தானே இருக்கிறது என்று சொல்லி நாள் வரம்பைக் கடக்க இயலாது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இப்போது இரண்டு வழிகளையும் பணமாக மாற்றிப் பார்ப்போம். மாதம் 18,200 ரூபாய் வாங்கும் கவுண்டர் ஊழியரை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுச் சம்பளத்தை 52 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு 4,200 ரூபாய். இப்போதைய 42 மணி நேரத்துக்கு அது மணிக்கு 100 ரூபாய் ஆகிறது. நாளுக்கு 8 மணி 24 நிமிடம் வேலை வாங்கினால், நாளுக்கு 24 நிமிடமாக வாரத்தில் 2 மணி நேரம் மிகைநேரத்தில் விழும். சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 40 மணி ஆகிவிடுவதால் மணிச் சம்பளம் 105 ரூபாய். இரட்டித்தால் 210 ரூபாய். ஒருவருக்கு வாரம் 420 ரூபாய் கூடுதல் செலவு. மாறாக, நாளுக்குச் சரியாக 8 மணி நேரம் என்று நிறுத்தி, அந்த 2 மணி நேரத்தை விட்டுக்கொடுத்தால் முதலாளி இழப்பது பழைய கணக்கில் 200 ரூபாய் மதிப்புள்ள வேலை நேரம். கையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போவதில்லை. எனவே இந்தக் கடைக்கு 42 மணி நேரம் 40 ஆவதே மலிவான வழி.

வாரம் முழு 48 மணி நேரம் வேலை வாங்கும் கடைகளுக்கு இந்த வழி அவ்வளவு எளிதல்ல. அங்கே ஐந்து நாள் என்றால் 40 மணி நேரமாகக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் நாள்தோறும் மிகைநேரம் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஐந்து நாள் பேச்சை எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களும், மண்டபம் பக்கத்து மீன், நண்டு பதப்படுத்தும் கூடங்களும் வேறு சட்டங்களின் கீழும் வரக்கூடும். 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளதால், அவர்கள் ராமநாதபுரத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே நேரத்தை எழுத வேண்டும்.

கூடும் ஒரு மணி நேரத்தைக் காலையில் வைப்பதா, மாலையில் வைப்பதா? காலையில் வைப்பதே சரி என்பது என் கருத்து. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கமிருந்து வருபவர்கள் மாலை 6 மணிக்குப் பிறகு கிடைக்கும் பஸ்ஸை நம்பித் தங்கள் வீட்டு ஒழுங்கை அமைத்திருப்பார்கள். மூடும் நேரத்தை 7 ஆக்கினால் அவர்கள் வீடு சேர்வது ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போகும். காலை 9 முதல் 1 வரை, 2 முதல் 6 வரை என்று வைத்தால் இன்னொரு வசதியும் உண்டு. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற விதி இதில் அப்படியே பொருந்திவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போகும் ஊழியர்களுக்கு அன்று மட்டும் 8.30 முதல் 12.30 வரை, 2 முதல் 6 வரை என்று எழுதினால், எட்டு மணி நேரமும் குறையாது, ஓய்வு விதியும் மீறப்படாது.

இரண்டாம் படி: எந்த நாள் விடுமுறை என்பதைப் படகுகளை வைத்து முடிவு செய்தல்

பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் மற்ற நான்கு நாளும் தொழிலுக்குப் போவது வழக்கம். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள், கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் டோக்கனை வாங்கித் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் கிளம்பி, மறுநாள் காலை கரை சேர்கின்றன. இன்ஜின் பழுது என்ற செய்தி கடைக்கு வருவது அவர்கள் திரும்பி வரும் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில்தான். செவ்வாய் வந்த பழுதைப் புதன் விடிவதற்குள் முடிக்க வேண்டும். ஞாயிறு வந்ததைத் திங்கள் விடிவதற்குள் முடிக்க வேண்டும். வியாழன் வந்ததற்கு மட்டும் வெள்ளி என்ற ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும்.

எனவே அலுவலகங்களில் செய்வதுபோல் சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்து இரண்டு நாள் விடுவது இங்கே நடக்காது. படகுகள் கடலில் இருக்கும் திங்களும் புதனும்தான் கடைக்கு ஓரளவு அமைதியான நாள்கள். நாட்டுப்படகுக்காரர்கள் சிலர் வந்துபோவார்கள் என்பதால் அதுவும் முழு அமைதி அல்ல. ஆகவே சனிக்கிழமை எல்லோருக்கும் விடுமுறை என்பதை மாற்றாமல், ஊழியர்களை இரண்டு அணியாகப் பிரிப்பதே வழி. முதல் அணியில் இரண்டு மெக்கானிக், ஒரு கவுண்டர் ஊழியர், ஓர் உதவியாளர். அவர்களுக்குத் திங்கள் விடுமுறை. இரண்டாம் அணியில் மற்ற இரண்டு மெக்கானிக், ஒரு கவுண்டர் ஊழியர், ஓர் உதவியாளர், கணக்கர். அவர்களுக்குப் புதன் விடுமுறை. கடை முழுதும் மூடும் நாளைத் தொடாமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த நாளை மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் மாற்றச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

விடுமுறை நாள்கள் அடுத்தடுத்து வரவில்லை என்பது ஊழியர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். சொந்த ஊர் போய்வர இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வேண்டும் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அது கிடைக்காது என்பதையும், ஏன் கிடைக்காது என்பதையும் அறிவிப்பிலேயே எழுதிவிடுவது மேல்.

மூன்றாம் படி: தேதி குறித்தல்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மற்ற கடைகளுக்கு அது மந்தமான காலம். இன்ஜின் கடைக்கு அதுதான் படகுகளைக் கரையேற்றி மராமத்துப் பார்க்கும் காலம். அப்போது சோதனையை நடத்தக் கூடாது. தடை முடிந்து முதல் சில வாரங்கள் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் இறங்கும் பரபரப்பு. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். இடையில் மிஞ்சுவது ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. கச்சான் காற்று பலமாக அடிக்கும் காலம் என்றாலும் கடை வேலை ஓரளவு ஒரே சீராக ஓடும்.

2026-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால், ஜூலை 12 ஞாயிறு தொடங்கிச் செப்டம்பர் 25 வெள்ளி முடிய 11 வாரம் கிடைக்கிறது. ஆடி மாதத்தில் புதிதாக எதையும் தொடங்கத் தயங்கும் முதலாளிகளுக்கும் ஆனிக் கடைசியில் விழும் இந்தத் தேதி ஒத்துவரும். வேலை நேரத்தை மாற்றும் முன் பாதிக்கப்படும் ஊழியர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது பழைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது. இப்போதைய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஜூன் 18-ஆம் தேதி அறிவிப்பை ஒட்டினால் 24 நாள் இடைவெளி இருக்கும்.

நான்காம் படி: சம்பளத்தில் என்ன மாறும் என்பதை ஆள்வாரியாக எழுதிப் பார்த்தல்

‘சம்பளத்தில் மாற்றம் இல்லை’ என்ற ஒற்றை வரிதான் இத்தகைய அறிவிப்புகளில் அதிகம் தவறாகப் போகும் வரி. மாதச் சம்பளக்காரர்களுக்கு அது உண்மை. நாள் கூலிக்காரருக்கு அது உண்மையே அல்ல. நாளுக்கு 700 ரூபாய் வீதம் ஆறு நாளுக்கு 4,200 ரூபாய் வாங்கிய உதவியாளர், ஐந்து நாளானதும் 3,500 ரூபாய்தான் வாங்குவார். யாரும் குறைக்க நினைக்காமலேயே வாரத்துக்கு 700 ரூபாய் குறைந்துவிடுகிறது. இதைச் சரிசெய்ய நாள் கூலியை 840 ரூபாயாக உயர்த்த வேண்டும். 840-ஐ ஐந்தால் பெருக்கினால் மீண்டும் 4,200 ரூபாய். இது கூலி உயர்வு அல்ல, வாரக் கூலியைக் காப்பதற்கான மாற்றம் என்பதையும், சோதனை நின்றால் ஆறு நாளும் 700 ரூபாயும் ஒன்றாகத் திரும்பி வரும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அவர் ஒரு நாள் வராமல் போனால் முன்பு 700 ரூபாய் இழந்தார். இனி 840 ரூபாய் இழப்பார். அதை முதல் வாரக் கூலி நாளில் அவரே கண்டுபிடிக்கும்படி விடக் கூடாது.

மாதச் சம்பளக்காரர்களுக்கும் இதே கேள்வி வேறு உருவில் வரும். சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் ஒரு நாளுக்கு எவ்வளவு பிடிப்பது? இதுவரை 18,200-ஐ 26-ஆல் வகுத்து 700 ரூபாய் பிடித்தார்கள். வேலை நாள் மாதத்துக்கு ஏறக்குறைய 22 ஆகிவிட்டதே என்று கணக்கர் 22-ஆல் வகுத்தால் 827 ரூபாய் பிடிபடும். இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். சோதனைக் காலம் முழுவதும் 26-ஆல் வகுப்பது தொடரும் என்று அறிவிப்பது என் பரிந்துரை. ஒரு நாள் பிடித்தத்தில் 127 ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய், ஊழியர்களின் நம்பிக்கையை முழுதாக இழக்க வேண்டியதில்லை.

விடுப்புக் கணக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு நாள் என்பது 7 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரமாக நீண்டிருப்பதால், 12 நாள் தற்செயல் விடுப்பைப் பத்தரை நாளாக மாற்றலாமே என்று சிலருக்குத் தோன்றும். 84 மணி நேரத்தை எட்டால் வகுத்தால் பத்தரைதான் வருகிறது. ஆனால் சட்டம் விடுப்பை நாளில் சொல்கிறதே தவிர மணியில் சொல்லவில்லை. ஈட்டிய விடுப்பு, நோய் விடுப்பு, தற்செயல் விடுப்பு ஒவ்வொன்றும் 12 நாள் என்பது 12 நாளாகவே இருக்க வேண்டும்.

இனி மிகைநேரம். இந்தக் கடையில் உண்மையான மாற்றம் நடக்கப்போவது இங்கேதான். முன்பு 7 மணி நேர நாளாக இருந்தபோது, கியர் பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்ட மெக்கானிக் மாலை 7 மணி வரை நின்று பூட்டிக்கொடுத்தாலும் 8 மணி நேரம்தான் ஆகும். சட்டப்படி இரட்டைச் சம்பளம் வராது. பல கடைகளில் அந்த ஒரு மணி நேரம் பழக்கத்தால் இலவசமாகவே ஓடிக்கொண்டிருக்கும். புதிய ஒழுங்கில் மாலை 6 மணிக்கே 8 மணி நேரம் நிறைந்துவிடுகிறது. 6 மணி 5 நிமிடத்துக்குத் திருகும் போல்ட்டுக்கு இரட்டைச் சம்பளம். இதை முதலாளி முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு மிகைநேரத்துக்கு மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே ‘அதைப் பதிவேட்டில் போடாதே’ என்ற பேச்சு கிளம்பும். அதோடு சோதனையின் எல்லாக் கணக்கும் பொய்யாகிவிடும்.

பண்டிகை நாள்களையும் தேதி போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. 2026-இல் ஆகஸ்ட் 15 சனிக்கிழமை. கடை ஏற்கெனவே மூடும் நாள், எனவே எல்லோருக்கும் ஒரே நிலைமை. விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 14, திங்கட்கிழமை. கடையின் பண்டிகை விடுமுறைப் பட்டியலில் அது இருந்தால், இரண்டாம் அணிக்கு அந்த வாரம் திங்கள், புதன் இரண்டும் விடுமுறை. முதல் அணிக்குத் திங்கள் ஒன்றுதான். முதல் அணியின் விடுப்புக் கணக்கில் ஒரு நாள் சேர்க்கப்படும் என்று எழுதிவிட்டால் பேச்சு அதோடு முடியும்.

ஐந்தாம் படி: அறிவிப்பை எழுதுதல்

அறிவிப்பு ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். கீழே உள்ளதை அப்படியே எடுத்து எண்களையும் நாள்களையும் மாற்றிக்கொள்ளலாம்.

அறிவிப்பு
நாள்: 18.6.2026

நமது கடையில் வாரம் ஐந்து நாள் வேலை என்ற ஏற்பாட்டை 12.7.2026 முதல் 25.9.2026 வரை 11 வாரங்களுக்குச் சோதனையாக நடத்திப் பார்க்க எண்ணியுள்ளோம். இது சோதனை மட்டுமே, 26.9.2026-க்குப் பிறகு தொடர்வதானால் தனி அறிவிப்பு வரும். அது வராவிட்டால் பழைய நேரமும் பழைய நாள்களும் தாமாகவே நடைமுறைக்குத் திரும்பும்.

வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. 1 முதல் 2 வரை இடைவேளை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குச் செல்பவர்களுக்கு அன்று 8.30 முதல் 12.30 வரை, 2 முதல் 6 வரை. ஒரு நாளின் வேலை நேரம் 7 மணியிலிருந்து 8 மணியாகக் கூடுகிறது. வார வேலை நேரம் 42 மணியிலிருந்து 40 மணியாகக் குறைகிறது. சனிக்கிழமை அனைவருக்கும் விடுமுறை. முதல் அணிக்குத் திங்களும் இரண்டாம் அணிக்குப் புதனும் கூடுதல் விடுமுறை. படகுகள் கரை சேரும் நாள்களில் அனைவரும் தேவைப்படுவதால் இரண்டு விடுமுறைகளையும் அடுத்தடுத்துத் தர இயலவில்லை.

மாதச் சம்பளம் குறையாது. நாள் கூலி 700 ரூபாயிலிருந்து 840 ரூபாயாகும். வாரக் கூலி 4,200 ரூபாய் என்பதில் மாற்றம் இல்லை. வராத நாளுக்கு நாள் கூலிக்காரருக்கு 840 ரூபாய் குறையும். மாதச் சம்பளக்காரருக்கு வழக்கம்போல் சம்பளத்தை 26-ஆல் வகுத்துப் பிடிக்கப்படும். விடுப்பு நாள்கள் குறையா. மாலை 6 மணிக்கு மேல் செய்யும் வேலைக்கும், விடுமுறை நாளில் அழைத்துச் செய்யும் வேலைக்கும் இரட்டைச் சம்பளம் உண்டு. அதைப் பதிவேட்டில் அன்றே எழுத வேண்டும்.

ஒவ்வொரு வெள்ளியும் கருத்துச் சீட்டு தரப்படும். ஆறாம் வார இறுதியிலும் பதினோராம் வார இறுதியிலும் கூட்டம் நடைபெறும். எந்த நிலையில் சோதனை நிறுத்தப்படும் என்பது இந்த அறிவிப்பின் பின்பக்கத்தில் எழுதப்பட்டுள்ளது. மறுப்போ சந்தேகமோ உள்ளவர்கள் 28.6.2026-க்குள் தெரிவிக்கலாம்.

இதன் ஒரு படியை ஒவ்வொருவரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். அது சம்மதக் கையெழுத்து அல்ல என்பதைச் சொல்லியே வாங்க வேண்டும்.

ஆறாம் படி: வாயால் சொல்வது

அறிவிப்பை ஒட்டும் அன்றே கடை மூடும் முன் அரை மணி நேரம் எல்லோரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். அந்த அரை மணி நேரம் வேலை நேரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். வேலை நேரம் கூடுகிறது என்றதும் 2023 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறி, கடும் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்ட 12 மணி நேர வேலைத் திருத்தம்தான் பலருக்கு நினைவில் வரும். அந்த அச்சத்தை அலட்சியப்படுத்தாமல், இது 12 மணியும் அல்ல, 10 மணியும் அல்ல, 8 மணி என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி எப்படி வரும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. ‘அண்ணே, ஆறு நாள் அஞ்சு நாளாச்சுன்னா எங்களுக்கு ஒரு நாள் கூலி போயிருமா?’ என்று உதவியாளர் கேட்பார். ‘போகாதுப்பா, எழுநூறு எண்ணூத்தி நாப்பதாகுது, வாரத்துக்கு அதே நாலாயிரத்து எறநூறுதான்’ என்று முதலாளி எண்ணைச் சொல்லிப் பதில் தர வேண்டும். ‘அதெல்லாம் பாத்துக்கலாம்’ என்ற பதில் அன்றைய கூட்டத்தையே வீணாக்கும். மெக்கானிக்குகளிடமிருந்து வரும் கேள்வி வேறு: ‘திங்கக்கிழமை வீட்ல இருக்கிறப்ப படகுக்காரர் போன் பண்ணா என்னண்ணே செய்றது?’ அதற்கு எடுக்க வேண்டியதில்லை என்பதே விதியாக இருக்க வேண்டும். கடை அழைத்தால் மட்டும் வரலாம். வந்தால் இரட்டைச் சம்பளம். கைபேசியிலேயே ஆலோசனை சொல்லி முடித்தாலும் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

வாடிக்கையாளர்களுக்குத் தனியே ஒரு பலகை போதும்: கடை 9 மணிக்கே திறக்கும், திங்களும் புதனும் இரண்டு மெக்கானிக்குகள் மட்டும் இருப்பார்கள். படகு உரிமையாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அதையே குரல் பதிவாகவும் போட்டுவிடலாம்.

ஏழாம் படி: கருத்துக் கேட்கும் முறை

ஒன்பது பேர் உள்ள இடத்தில் பெயரில்லாத கருத்து என்பது பெயரளவில்தான் இருக்கும். கையெழுத்தை வைத்தே யார் எழுதியது என்று தெரிந்துவிடும். எந்த வேலை செய்பவர் என்று கேட்டால், கணக்கர் ஒருவர்தான் என்பதால் அவர் உடனே பிடிபடுவார். எனவே சீட்டில் எழுத இடமே வைக்கக் கூடாது. டிக் போடும் கட்டங்கள் மட்டும் போதும். அணியையும் வேலையையும் கேட்கக் கூடாது. எல்லோரும் பெட்டியருகே கட்டிவைத்த ஒரே பேனாவால் டிக் போட வேண்டும். பெட்டியை முதலாளி தனியாகத் திறக்காமல், ஊழியர்கள் தேர்ந்தெடுத்த ஒருவரோடு சேர்ந்து திறந்து, எண்ணிக்கையை ஞாயிறு காலை பலகையில் எழுதிவிட வேண்டும்.

கேள்விகள் மூன்று போதும். இந்த வார விடுமுறை நாள் முழுதாக உங்கள் கையில் இருந்ததா, போனோ வேலையோ குறுக்கிட்டதா? மாலை நான்கு மணிக்கு மேல் வேலையில் தளர்ச்சி இருந்ததா? இந்த வாரச் சம்பளக் கணக்கும் மிகைநேரக் கணக்கும் சரியாக இருந்தனவா? தொடரலாமா வேண்டாமா என்ற நான்காவது கேள்வியை ஆறாம் வாரத்திலும் பதினோராம் வாரத்திலும் மட்டும் கேட்க வேண்டும். வாராவாரம் அதைக் கேட்டால் அந்த வாரத்துக் கோபமே பதிலாக வந்துகொண்டிருக்கும்.

சீட்டு ஊழியர் பக்கத்தைச் சொல்லும். கடையின் பக்கத்தைச் சொல்ல, ஒவ்வொரு பழுது வேலைக்கும் எழுதிவைக்கும் ஜாப் கார்டுகள் இருக்கின்றன. படகு அடுத்துக் கிளம்புவதற்குள் முடியாமல் போன வேலை எத்தனை என்பதே இந்தக் கடைக்கு உயிர்நாடியான எண். அதோடு வாரத்தின் மொத்த மிகைநேரத்தையும், மெக்கானிக் இல்லை என்று திரும்பிப்போன வாடிக்கையாளர் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டால் போதும். ஒப்பிட, சென்ற ஆண்டின் இதே ஜூலை நடு முதல் செப்டம்பர் வரையிலான ஜாப் கார்டுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். தடைக்காலத்தோடும் தடை முடிந்த முதல் வாரங்களோடும் ஒப்பிட்டால் எந்த ஏற்பாடும் வெற்றி பெற்றதுபோல் தோன்றும்.

நிறுத்தும் விதியை முன்பே எழுதிவிட வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவேன். சென்ற ஆண்டு வாரத்துக்கு மூன்று வேலை முடியாமல் போனது என்றால், தொடர்ந்து மூன்று சாதாரண வாரங்களில் அது ஐந்தைத் தாண்டினால் நிறுத்தலாம். கடையின் மொத்த மிகைநேரம் இரண்டு வாரம் தொடர்ந்து 12 மணி நேரத்தைத் தாண்டினாலும், ஆறாம் வாரத்தில் ஒன்பது பேரில் நால்வர் வேண்டாம் என்றாலும் நிறுத்தலாம். எண்கள் கடைக்குக் கடை மாறும். ஆனால் முடிவு தெரிந்த பிறகு விதி எழுதினால் அது ஏற்கெனவே மனத்தில் உள்ள முடிவுக்கு ஏற்பத்தான் வளையும்.

‘சாதாரண வாரம்’ என்றால் என்ன என்பதையும் வரையறுக்க வேண்டும். காற்று எச்சரிக்கையால் டோக்கன் கொடுக்காத வாரம், மீனவர் கைதைக் கண்டித்துப் படகுகள் வேலைநிறுத்தம் செய்யும் வாரம், ஆடி அமாவாசைக் கூட்டத்தால் சாலை அடைபட்டு ஊழியர்கள் தாமதமாக வரும் நாள் ஆகியவை இந்தக் கரையில் அபூர்வமானவை அல்ல. அந்த வாரங்களின் எண்களைப் பதிவேட்டில் எழுதி, ஓரத்தில் காரணத்தைக் குறித்து, தீர்ப்பில் சேர்க்காமல் விட வேண்டும். விடுபடும் வாரம் நான்கைத் தாண்டினால் மிஞ்சுவது ஏழுக்கும் குறைவு. அதை வைத்து முடிவெடுக்காமல் தடைக்காலம் முடிந்த அடுத்த ஜூலையில் மீண்டும் நடத்துவதே முறை.

எங்கே நழுவும் என்பது

நழுவுவது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வாரத்தில் தொடங்கும். முதல் அறிகுறி, பதிவேட்டில் மிகைநேரம் பூஜ்யமாக இருக்க, மாலை 6.30-க்கும் கடையில் விளக்கு எரிவது. ஜாப் கார்டில் வேலை முடிந்த நேரத்தையும் எழுதச் சொல்லியிருந்தால் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது அறிகுறி, திங்கள், புதன் நாள்களில் ‘அந்த நாசில் எந்த ரேக்கில் இருக்கிறது’ என்று விடுமுறையில் இருப்பவரை அழைப்பது. உதவியாளர் ஒருவருக்கு மட்டுமே சரக்கு இருக்கும் இடம் தெரிந்திருப்பதால் வரும் கோளாறு இது. சோதனை தொடங்கும் முன்பே ரேக்குகளுக்கு எண் ஒட்டி, பட்டியலைக் கவுண்டரில் வைத்து, சாவியின் இன்னொரு படியை மற்ற அணியிடம் கொடுத்திருந்தால் இந்த அழைப்புகளில் பெரும்பகுதி நின்றுவிடும்.

பதினோராம் வார வெள்ளியன்று சீட்டுகளை எண்ணி, சாதாரண வாரங்களின் மூன்று எண்களையும் சென்ற ஆண்டு எண்களோடு ஒரே தாளில் எழுதிக் கூட்டத்தில் வைக்க வேண்டும். தொடர்வதென்று முடிவானால், வடகிழக்குப் பருவமழைக்கும் தடைக்கால மராமத்துக்கும் வேலை நாள்கள் எப்படி இருக்கும் என்பதைத் தனியே எழுதி, மீண்டும் 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, நிரந்தர மாற்றமாக நியமனக் கடிதங்களில் சேர்க்க வேண்டும். அந்த 21 நாளும் முடியும் வரை கடை பழைய ஆறு நாள் நேரத்திலேயே நடக்கும்; நாள் கூலியும் 700 ரூபாய்க்குத் திரும்பும். இந்த இடைவெளியைத் தவிர்க்க விரும்பினால், ஆறாம் வாரக் கூட்டத்தின் பதிலைப் பார்த்துச் செப்டம்பர் முதல் வாரத்திலேயே அந்த முன்னறிவிப்பைக் கொடுத்துவிட்டு, சோதனை தோற்றால் திரும்பப் பெறப்படும் என்ற வரியை அதில் சேர்த்துக்கொள்ளலாம்.